முடிவை முதல் வரியில் சொல்வதா, காரணத்துக்குப் பிறகு சொல்வதா?

கேள்வி: "பண்ருட்டி பக்கம் ஒரு முந்திரி ஏற்றுமதி நிறுவனத்தில் பையர்களுக்கு மெயில் எழுதும் வேலை பார்க்கிறேன். புதிதாக வந்த மேனேஜர், எந்த மெயிலாக இருந்தாலும் முதல் வரியில் முடிவைச் சொல், காரணம் எல்லாம் அப்புறம் என்கிறார். ஜப்பான்காரர்களுக்கு அப்படி எழுதினால் மரியாதைக் குறைவு, சுற்றி வளைத்துத்தான் வரவேண்டும் என்கிறார் பழைய அக்கவுன்டன்ட் சார். யார் பேச்சைக் கேட்பது?"

சரக்கு எப்போது வரும், எவ்வளவு வரும், எதில் கோளாறு என்கிற மாதிரிச் செய்திகளில் மேனேஜர் பேச்சைக் கேளுங்கள், ஜப்பானுக்கு எழுதினாலும். விலையை ஏற்றிக் கேட்பது, கேட்டதை மறுப்பது, ஒப்புக்கொண்டதை மாற்றச் சொல்வது ஆகிய மூன்றிலும் காரணம் முன்னால் போகட்டும், அமெரிக்காவுக்கு எழுதினாலும். எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதைவிட, முதல் வரியைப் படித்ததும் அந்த ஆள் என்ன செய்வார் என்று யோசிப்பது உங்களுக்கு அதிகம் கைகொடுக்கும். நான் புதுச்சேரியில் ஏற்றுமதி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தும், அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தும் பிழைப்பவன். கீழே சொல்வதெல்லாம் வியாபாரக் கடிதத்துக்குத்தான். கல்யாணப் பேச்சுக்கும் கட்சிப் பேச்சுக்கும் கணக்கு வேறு.

மேனேஜர் சொல்லும் விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் எல்லை புரிந்துவிடும். அமெரிக்க ராணுவத்தின் கடிதப் போக்குவரத்து விதிகளிலேயே முக்கிய விஷயம் முதலில் வரவேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நிர்வாக ஆலோசனை நிறுவனங்களும் இதையேதான் பயிற்சியில் சொல்லித் தருகின்றன. இரண்டு இடத்திலும் படிப்பவர் ஒரே மாதிரியான ஆள். மேசையில் நிறையக் காகிதம், கையில் முடிவெடுக்கும் அதிகாரம், எழுதியவர் மேல் ஓரளவு நம்பிக்கை, அந்த விஷயத்தில் சொந்த மனவருத்தம் எதுவும் கிடையாது. அப்படிப்பட்டவருக்கு முடிவு முதலில் கிடைத்தால் போதும். சந்தேகம் வந்தால் கீழே படிப்பார், இல்லையென்றால் அடுத்த காகிதத்துக்குப் போய்விடுவார். ஒரு பையர் உங்கள் மெயிலைத் திறக்கும்போது இந்த நான்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான நாளில் பொருந்தும். சில நாளில் கடைசி இரண்டும் பொருந்தாது. அந்தச் சில நாள்தான் சிக்கல்.

அக்கவுன்டன்ட் சார் சொல்வதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1966-ல் ராபர்ட் கப்லான் என்ற அமெரிக்க மொழியியலாளர், வெளிநாட்டு மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைகளைப் பார்த்துவிட்டு ஒரு படம் போட்டார். ஆங்கிலக்காரர்களின் சிந்தனை நேர்கோடு, கிழக்காசியர்களுடையது உள்நோக்கிச் சுழலும் சுருள், மற்றவர்களுடையது வளைவும் நெளிவும் என்று. அந்தப் படம் இன்றைக்கும் பயிற்சி வகுப்புகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவர் பார்த்தது, பழக்கமில்லாத ஒரு மொழியில் மாணவர்கள் எழுதிய கட்டுரைகளை. தாய்மொழியில் அவர்கள் எப்படி எழுதுவார்கள் என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது. பிற்காலத்தில் கப்லானே அந்த வாதத்தின் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். ஆகவே "ஜப்பான்காரர்கள் சுற்றி வளைத்துத்தான் சிந்திப்பார்கள்" என்று யாராவது சொன்னால் சந்தேகத்தோடு கேளுங்கள்.

இதைவிட உறுதியாக நிற்கும் ஒரு செய்தி சீன மொழியைப் பற்றியது. ஆண்டி கிர்க்பாட்ரிக் என்பவர், ஆஸ்திரேலிய வானொலியின் சீனப் பிரிவுக்கு நேயர்கள் சீன மொழியிலேயே எழுதிய கடிதங்களை எடுத்து ஆராய்ந்தார். பாடப் புத்தகம் அனுப்புங்கள், பாட்டுப் போடுங்கள் என்று எதையாவது கேட்டு வந்த கடிதங்கள் அவை. வணக்கம், நிகழ்ச்சியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை, தன் நிலைமை, ஏன் கேட்கிறேன் என்கிற காரணம், கடைசியில் வேண்டுகோள் என்ற வரிசையே அவற்றில் வழக்கமாக இருந்தது. இந்த வரிசைக்கு ஒரு பயன் இருக்கிறது. காரணத்தைப் படித்துக்கொண்டு வரும்போதே படிப்பவருக்கு என்ன கேட்கப்போகிறார் என்று தெரிந்துவிடுகிறது. வேண்டுகோள் வந்து சேரும்போது அது திடீரென்று முகத்தில் அடிப்பதில்லை, இல்லை என்று சொல்வதாக இருந்தாலும் பக்குவமாகச் சொல்ல மனசு தயாராகிவிடுகிறது. கவனியுங்கள், இதெல்லாம் வேண்டுகோள் கடிதம். அதே ஆட்கள் "ரயில் ரத்து" என்ற அறிவிப்பை இப்படி எழுத மாட்டார்கள்.

இதைப் படித்தால் நம் ஊர் மனு ஞாபகம் வராமல் இருக்காது. கடலூர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கும் மனுவை எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்புநர், பெறுநர், அய்யா, அப்புறம் "பொருள்: முதியோர் உதவித்தொகை வேண்டி" என்று ஒரு வரி. அதற்குக் கீழே "நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்" என்று தொடங்கி, கணவர் இறந்தது, மகன் பார்க்காதது, வயது, நோய் எல்லாம் வரும். கடைசியில் "ஆகவே, அய்யா அவர்கள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடியும். உள்ளே இருப்பது முழுக்கக் காரணம் முதல், வேண்டுகோள் கடைசி. ஆனால் மேலே ஒரு பொருள் வரி இருப்பதால் படிப்பவர் எதைப் பற்றி என்று தெரியாமல் தவிப்பதில்லை. நாளெல்லாம் மனு பார்க்கிறவர்கள் பொருள் வரியைப் பார்ப்பார்கள், கண்ணை நேராக "ஆகவே"வுக்கு இறக்குவார்கள், தேவைப்பட்டால் மட்டும் நடுவில் படிப்பார்கள். ஒரே தாளில் அவசரக்காரருக்கும் நிதானமாகப் படிப்பவருக்கும் வழி வைத்திருக்கும் அமைப்பு இது. இதை ஏதோ பழைய பஞ்சாங்கம் என்று சிரிப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

அரசாணையில் இதே அமைப்பு எப்படிக் கெடுகிறது என்றும் பார்க்கலாம். மேலே "சுருக்கம்" என்று ஒரு பகுதி இருக்கும். அதில் துறை பெயர், பொருள் எல்லாம் சொல்லிவிட்டு "ஆணை வெளியிடப்படுகிறது" என்று முடித்துவிடுவார்கள். என்ன ஆணை, எவ்வளவு ரூபாய், யாருக்கு என்பது பல நேரம் அங்கே இருக்காது. அது தெரிய, பார்வையில் கண்ட கடிதங்களைத் தாண்டி, யார் யாருக்கு என்ன கருத்துரு அனுப்பினார் என்பதைத் தாண்டி, பின்னால் வரும் பத்திக்குப் போகவேண்டும். சுருக்கம் என்று பெயர் இருந்தாலே முடிவு அங்கே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் மெயிலின் சப்ஜெக்ட் வரிக்கும் இதே வியாதி வரும். "ஷிப்மென்ட் தொடர்பாக" என்று எழுதினால் அது "ஆணை வெளியிடப்படுகிறது" என்பதன் தம்பி.

சரி, ஜப்பானுக்கு வருவோம். அங்கே கம்பெனிகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு, மேலதிகாரியிடம் தகவல் சொல்லும்போது முடிவிலிருந்து தொடங்கு என்றுதான் பயிற்சி கொடுக்கிறார்கள். இது அங்கே பரவலான பாடம். வெளி நிறுவனத்துக்கு எழுதும் மெயிலில் வழக்கமான நன்றி வரி ஒன்று முதலில் வரும், எழுதுபவர் எந்த நிறுவனம், யார் என்று ஒரு வரி வரும். இதைத்தான் உங்கள் அக்கவுன்டன்ட் சார் சுற்றி வளைப்பது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் சப்ஜெக்ட் வரியைப் பாருங்கள். தாமதம் என்றால் தடித்த அடைப்புக்குறிக்குள் "மன்னிப்பு" என்று போட்டு, பக்கத்திலேயே "டெலிவரி தாமத அறிவிப்பு" என்று எழுதிவிடுவார்கள். திறக்கும் முன்பே விஷயம் தெரிந்துவிடுகிறது. பெரிய மாற்றம் என்றால் மெயிலுக்கு முன்னால் போனில் பேசி, சம்பந்தப்பட்ட ஆட்களிடம் ஒவ்வொருவராகக் காதில் போட்டு வைத்திருப்பார்கள். கடிதம் வரும்போது அது பழைய செய்தி. நாம் கடிதத்துக்குள்ளே செய்ய நினைக்கும் தாமதத்தை அவர்கள் கடிதத்துக்கு வெளியே முடித்துவிடுகிறார்கள்.

பிரெஞ்சுக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதுச்சேரியில் 1826 முதல் பிரெஞ்சுப் பள்ளி இருக்கிறது, அங்கே படித்தவர்களோடு வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். அந்தக் கல்வியில் கட்டுரை என்றால் முன்னுரையில் கேள்வியை எழுப்பி, எந்த வரிசையில் போகப்போகிறேன் என்று அறிவிக்க வேண்டும். விடையை அங்கே சொன்னால் கட்டுரை தொடங்கும் முன்னே முடிந்த மாதிரி. ஒரு பக்கம், மறுபக்கம், பிறகு முடிவு. அப்படிப் பழகிய ஒருவருக்கு நீங்கள் காரணமில்லாமல் முடிவை நீட்டினால், "இவர் யோசித்தாரா, இல்லை உத்தரவு போடுகிறாரா" என்ற எண்ணம் வரலாம். ஆனால் அதே ஆள் கிடங்குக்கு வரும் லாரி நேரத்தைக் கேட்டால் அவருக்கு நேரம்தான் வேண்டும், மறுபக்கம் வேண்டாம்.

தள்ளிச் சொல்வதில் நம்மவர்கள் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்பதற்கு இன்னொரு உதாரணம் இருக்கிறது. ஊரில் சாவு விழுந்தால் வெளியூரில் இருக்கும் மகனுக்குப் போன் செய்து, "அப்பாவுக்கு உடம்பு ரொம்ப முடியலைப்பா, உடனே கிளம்பி வா" என்பார்கள். சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் தனியாக வரவேண்டியவன், வழியில் உடைந்துவிடக் கூடாது. கேட்பவனுக்கும் பாதி புரிந்துவிடும், புரிந்ததைக் கேட்காமல் வண்டி ஏறுவான். இது பொய் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் அந்த வழக்கத்தைத் தெரிந்தவர்கள். இதே வாக்கியத்தை வழக்கம் தெரியாத வெளிநாட்டு மருமகளிடம் சொன்னால், "எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொல்கிறார்" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். தள்ளிச் சொல்வது பலிக்க வேண்டுமென்றால், தள்ளுகிறோம் என்பது கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு பையருக்கு எழுதும்போது இந்தப் பொது வழக்கம் உங்களுக்கு இல்லை, ஆகவே குறிப்பு காட்டிவிட்டு நகர்வது பெரும்பாலும் வீண்.

இனி உங்கள் தொழிலிலேயே ஒரு கதையை வைத்துப் பார்ப்போம். டபிள்யூ-240 என்கிற பெரிய ரக முந்திரிப் பருப்பு, அமெரிக்க பையர் ஒருவருக்குப் போகவேண்டிய இருபது அடி கன்டெய்னர் ஒன்று, ஐம்பது பவுண்டு பெட்டி 700, கிட்டத்தட்ட பதினாறு டன். 14-ம் தேதிக் கப்பலில் ஏற வேண்டியது. ஐப்பசி மழையில் ஈரப்பதம் 5 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, திரும்ப போர்மா என்கிற உலர்த்தும் அறையில் காயவைத்து மறு சோதனை செய்யவேண்டும், அடுத்த கப்பல் 24-ம் தேதி. இதை நம் பிள்ளைகள் வழக்கமாக எழுதும் விதம் இப்படி இருக்கும்: "தங்கள் தொடர்ந்த ஆதரவுக்கு நன்றி. தங்களுக்கே தெரியும், கடலூர் மாவட்டத்தில் இப்போது வடகிழக்குப் பருவமழை. கடந்த இரண்டு வாரமாக இடைவிடாத மழை. இதனால் காயவைப்பதில் சிரமம். எங்கள் ஆட்கள் இரவு பகலாக உழைக்கிறார்கள். தரத்தில் நாங்கள் ஒருபோதும் சமரசம் செய்வதில்லை." இந்த இடத்தில் பையருக்கு வியர்க்கத் தொடங்கியிருக்கும். சரக்கு நனைந்துவிட்டதா, ஆர்டரே ரத்தா, விலையை ஏற்றப்போகிறார்களா என்று மூன்று பயம் வரும். பத்து நாள் தாமதம் என்பது அந்த மூன்றையும்விடச் சின்ன விஷயம். நீங்கள் மென்மையாகச் சொல்வதாக நினைத்து, உண்மையைவிடப் பெரிய கெட்ட செய்தியை அவர் தலைக்குள் ஏற்றிவிட்டீர்கள்.

இங்கே முடிவு முதலில் வரவேண்டும். சப்ஜெக்ட்: "700 பெட்டி டபிள்யூ-240: கப்பல் தேதி 14-லிருந்து 24-க்கு மாற்றம்." முதல் வரி: "இந்த கன்டெய்னர் 14-ம் தேதிக் கப்பலில் ஏறாது, 24-ம் தேதி ஏறும்; பத்து நாள் தாமதத்துக்கு வருந்துகிறோம்." அடுத்து காரணம் இரண்டு வரி: ஈரப்பதம் எவ்வளவு வந்தது, என்ன செய்கிறோம், மறு சோதனை முடிவு எந்தத் தேதியில் உங்களுக்கு வரும். அவர் உடனே தன் வறுவல் ஆலைக்குப் போன் செய்து இருப்பை வைத்து ஓட்டச் சொல்வார். அவர் செய்யவேண்டிய வேலை அது ஒன்றுதான், அதைச் செய்யத் தேவையான தேதி முதல் வரியில் இருக்கிறது. சப்ஜெக்ட் வரியில் தேதியை எழுதுவது முக்கியம், காரணம் அந்த மெயிலை அவர் நான்கு பேருக்கு ஃபார்வர்ட் செய்வார். அந்த நான்கு பேரில் உள்ளே திறந்து படிப்பவர் ஒருவர் இருந்தால் அதிகம்.

ஜப்பான் பையருக்கும் இதே வரிசைதான். மேலே வழக்கமான நன்றி வரியும் உங்கள் பெயரும் சேரும், வருத்தம் சொல்லும் வரி கொஞ்சம் முழுமையாக இருக்கும், முடிந்தால் மெயிலுக்கு முன் ஒரு போன். பெரிய வித்தியாசம் கீழ்ப் பகுதியில் வரும். அமெரிக்கருக்கு இரண்டு வரியில் முடித்த காரணத்தை இவருக்கு விரிவாக எழுதவேண்டும். ஈரம் எந்தக் கட்டத்தில் ஏறியது, தோல் உரிப்புக்கு முன்னா பின்னா, ஏன் அப்போதே கண்டுபிடிக்கவில்லை, இனி நடக்காமல் இருக்க என்ன மாற்றம் செய்தீர்கள். "மழை, நாங்கள் என்ன செய்வது" என்ற தொனி அங்கே எடுபடாது, அடுத்த வருஷமும் மழை வரும் என்பது அவருக்குத் தெரியும். அதாவது மரியாதை என்று அக்கவுன்டன்ட் சார் சொல்வது, முடிவை ஒளித்து வைப்பதில் இல்லை, காரணத்தை முழுசாகத் திறந்து வைப்பதில் இருக்கிறது. உங்கள் மேனேஜர் இங்கே "ஏன் இவ்வளவு நீளம்" என்று வெட்டப் பார்ப்பார். மேல் மூன்று வரி அவர் இஷ்டப்படி இருக்கட்டும், கீழே வெட்டவிடாதீர்கள்.

இப்போது முடிவைத் தள்ளவேண்டிய கடிதம். அதே அமெரிக்க பையர், மூன்று கன்டெய்னர் டபிள்யூ-240-க்கு ஒப்பந்தம். இரண்டு போய்விட்டது. இந்த முறை வந்த கொட்டை சிறுத்துவிட்டது, உடைத்துப் பார்த்தால் பவுண்டுக்கு 220-லிருந்து 240 பருப்பு நிற்கிற பெரிய ரகம் குறைவாகவும் 300-லிருந்து 320 நிற்கிற டபிள்யூ-320 அதிகமாகவும் விழுகிறது. மூன்றாவது கன்டெய்னரில் பாதிக்கு 320-ஐ எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவேண்டும். மேனேஜர் விதிப்படி முதல் வரி: "மூன்றாவது கன்டெய்னரில் பாதிக்கு 240-க்குப் பதில் 320 அனுப்ப உங்கள் சம்மதம் வேண்டும்." படித்த நொடியில் பையருக்கு வரும் எண்ணம், "விலை ஏறியிருக்கும், பெரிய பருப்பை வேறு ஆளுக்கு விற்றுவிட்டு எனக்குச் சிறியதைத் தள்ளுகிறார்கள்." அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் ஒவ்வொரு காரணமும் சாக்காகத்தான் தெரியும். முடிவு காரணத்துக்கு நிறம் பூசிவிடுகிறது. இந்த இடத்தில்தான் காரணம் முன்னால் போகவேண்டும் என்கிறேன்.

எப்படி? சப்ஜெக்ட் வரி ஒளிக்கக் கூடாது, தீர்ப்பும் சொல்லக் கூடாது: "மூன்றாவது கன்டெய்னர்: ரக விஷயமாக ஒரு கோரிக்கை, இரண்டு வழிகள்." மனுவின் "பொருள்: ... வேண்டி" செய்யும் வேலையை இது செய்கிறது. உள்ளே முதலில், அவரே சரிபார்க்கக்கூடிய உண்மை: "இந்த முறை வந்த கொட்டையில் கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்ற கணக்கு இணைப்பில் உள்ளது, போன இரண்டு கன்டெய்னருக்கு வந்த கொட்டையின் கணக்கும் பக்கத்தில் இருக்கிறது. கொட்டை சிறுத்ததால் 240 ரகம் பாதி கன்டெய்னருக்குத்தான் தேறுகிறது." அடுத்து, அவர் மனதில் வரும் சந்தேகத்துக்குப் பதில்: "தேறியது முழுவதையும் உங்கள் பெயருக்கே ஒதுக்கி வைத்திருக்கிறோம்." அப்புறம் கோரிக்கை: "மீதிப் பாதியை 320 ரகமாக, 320-க்கான விலையில் இப்போதே எடுத்துக்கொள்ள முடியுமா? முடியாதென்றால், அடுத்த கொட்டை வந்ததும் ஆறு வாரத்தில் முழு 240 தருகிறோம். எது உங்களுக்கு வசதி?" மொத்தம் ஏழெட்டு வரி. கோரிக்கை ஐந்தாவது வரிக்குள் வந்துவிடுகிறது. தள்ளுவது என்றால் இவ்வளவுதான், ஸ்க்ரோல் செய்யாமல் கண்ணில் படும் தூரம். அதற்கு மேல் தள்ளினால் அது கபடமாகத் தெரியும்.

அந்த இடைவெளியை எதை வைத்து நிரப்புகிறீர்கள் என்பதுதான் எல்லாம். அமெரிக்க வணிகக் கடிதப் பாடங்களிலேயே, கெட்ட செய்திக்கு முன் இதமான ஒரு வரி போடு என்று ரொம்ப நாளாகச் சொல்லி வந்தார்கள். கிட்டி லாக்கர் என்ற ஆராய்ச்சியாளர் கடன் மறுப்பு, மேற்படிப்பு அனுமதி மறுப்பு மாதிரிக் கடிதங்களை மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்து 1999-ல் எழுதினார். இதமான முதல் வரியால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை. கடனை ஏன் மறுக்கிறோம் என்று காரணம் சொன்ன கடிதத்துக்கும், கேட்ட பாடப்பிரிவில் இடம் இல்லை என்றாலும் வேறு பிரிவில் இடம் தருகிறோம் என்ற கடிதத்துக்கும் வரவேற்பு நன்றாக இருந்தது. கடைசியில் நிறுவனத்தைத் தூக்கிப் பேசிய கடிதம் எரிச்சலைத்தான் கூட்டியது. சோதித்தது அமெரிக்க மாணவர்களிடம், உண்மையான கடனாளிகளிடம் இல்லை, அதனால் இதை வைத்து உலகத்துக்கே விதி போட மாட்டேன். ஆனால் நான் பார்த்த கடிதங்களோடு ஒத்துப்போகிறது. "தங்கள் நல்லாதரவு", "நீண்ட கால உறவு" என்று நான்கு வரி போட்டால் பையர் "ஆனால்" எங்கே வருகிறது என்று தேடத் தொடங்கிவிடுகிறார். காரணத்துக்காகத் தள்ளினால் படிப்பார், சர்க்கரைக்காகத் தள்ளினால் தாவிவிடுவார்.

எழுதிய கடிதம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கோரிக்கை வரிக்கு மேலே இருப்பதை மட்டும் பக்கத்துச் சீட்டில் இருப்பவரிடம் காட்டி, "நான் அடுத்து என்ன கேட்கப்போகிறேன் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஏறக்குறைய சரியாகச் சொன்னால் உங்கள் காரணங்கள் வேலை செய்கின்றன. வேறு ஏதோ பெரிய ஆபத்தைச் சொன்னால், விலையை இரட்டிப்பாக்கப் போகிறீர்கள், கம்பெனியை மூடப்போகிறீர்கள் என்றால், முடிவை மேலே கொண்டுவந்துவிடுங்கள். எதுவுமே தோன்றவில்லை என்றால் அந்த வரிகளை அடித்துவிடலாம்.

அனுப்பிய பிறகு வரும் பதிலும் சொல்லிவிடும். "சரி, அப்படியானால் எப்போது ஏறும்?" என்று ஒரே வரியில் பதில் வந்தால், நீங்கள் தேதியைப் புதைத்துவிட்டீர்கள். மாறாக, நீங்கள் எழுதிய காரணம் எதையும் தொடாமல் "ஏற்க முடியாது, ஒப்பந்தப்படி அனுப்பவும்" என்று சூடாக வந்தால், அவர் முதல் வரியோடு நின்றுவிட்டார் என்று அர்த்தம், கோரிக்கை சீக்கிரம் வந்துவிட்டது. காரணத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டால், "கொட்டைக் கணக்கை யார் எடுத்தார்கள், எந்த லாட்" என்றால், அது நல்ல பதில். படித்திருக்கிறார், பேசத் தயாராக இருக்கிறார்.

எந்த நாட்டுக்கும் எந்த உறவுக்கும் தள்ளவே கூடாத செய்திகள் சில உண்டு. அனுப்பிய சரக்கில் பூச்சியோ பூஞ்சையோ இருப்பது பின்னால் தெரிந்தால், "அந்த லாட்டை விற்பனைக்கு விடாதீர்கள்" என்பது சப்ஜெக்ட் வரியிலேயே இருக்கவேண்டும். வங்கிக் கணக்கு எண் மாற்றம், ஆவணத்தில் பிழை, கெடு தேதி இவையும் அப்படித்தான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறி முந்திரித் தோப்புகளைச் சாய்த்தபோது, பையர்களுக்குப் புயலைப் பற்றிய வர்ணனை தேவைப்படவில்லை, அதைச் செய்தியில் பார்த்துவிட்டார்கள். கிடங்கில் இருந்த சரக்கு பிழைத்ததா, எத்தனை பெட்டி தரமுடியும் என்ற எண்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

மேனேஜரிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் உங்களுக்கு நிஜமான தலைவலி என்று ஊகிக்கிறேன். "சார், நீங்கள் சொல்வது தப்பு" என்று ஆரம்பித்தால் அங்கேயே பேச்சு முடிந்துவிடும். அதுவும் மறுப்புதானே, இதே கணக்குப் பொருந்தும். அனுப்பிய மெயில்களில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று தேதி சொன்னது, இன்னொன்று ஏதாவது மாற்றம் கேட்டது. இரண்டுக்கும் பையரிடமிருந்து வந்த பதிலைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். பிறகு, மாற்றம் கேட்கும் கடிதத்தில் மட்டும், சப்ஜெக்ட் வரியில் விஷயத்தைச் சொல்லிவிட்டு உள்ளே நான்கு வரி காரணத்துக்கு இடம் கொடுக்கலாமா என்று கேளுங்கள்.